அந்த ஒன்றரை நிமிடம்: சிறப்புப் பேச்சாளரை எப்படி அறிமுகம் செய்ய வேண்டும்?

பிறந்த குழந்தை அழவில்லை, மூச்சு விடவில்லை என்றால் நர்ஸுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்தான். அந்த முதல் நிமிடத்துக்குள் துடைத்து, தூண்டிவிட்டு, அப்படியும் மூச்சு வரவில்லை என்றால் மாஸ்க்கை வைத்து பையை அழுத்தி மூச்சு கொடுக்க ஆரம்பித்துவிட வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க எங்கள் மருத்துவமனைக்கு ஒரு பெரிய குழந்தைகள் டாக்டர் வந்திருந்தார். அவரை அறிமுகம் செய்ய நான் எடுத்துக்கொண்டது பதினோரு நிமிடம்!

அதில் என் தப்பு என்ன என்று அன்றைக்கு எனக்குப் புரியவே இல்லை. அவர் அனுப்பிய நான்கு பக்க பயோடேட்டாவை ஒரு வரி விடாமல் வாசித்தேன். எந்தக் கல்லூரியில் தங்கப் பதக்கம், எந்த நாட்டில் ஃபெலோஷிப், எத்தனை கட்டுரைகள், எந்தெந்தச் சங்கங்களில் பொறுப்பு... மூச்சு வாங்க வாசித்து முடித்து, 'அறிமுகம் தேவையில்லாத ஆளுமை' என்று வேறு சொன்னேன். பிறகு பொன்னாடை, பூங்கொத்து, போட்டோ. அறுபது நிமிட வகுப்பில் கால் மணி நேரம் போயிருந்தது.

மூன்று மணிக்கு எல்லோரும் வார்டுக்குத் திரும்ப வேண்டும். டாக்டர் வேகவேகமாகப் பேசி முடித்து, தான் கொண்டுவந்திருந்த குழந்தை பொம்மையை மேஜையில் வைத்தபோது மணி இரண்டு ஐம்பது. முப்பத்திரண்டு பேரில் எட்டுப் பேர்தான் பையைக் கையில் பிடித்து அழுத்திப் பார்த்தார்கள். மற்ற இருபத்து நாலு பேரும் அதை எட்டி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கைக்குப் பழக வேண்டிய வேலை அது. மாஸ்க் முகத்தில் சரியாகப் பொருந்தாமல் காற்று கசிந்தால், அழுத்தியும் குழந்தையின் மார்பு உயராது. அதை அழுத்திப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அந்த இருபத்து நாலு பேருடைய பயிற்சியை நான்தான் பயோடேட்டாவாக வாசித்துத் தீர்த்துவிட்டேன்.

மருத்துவமனையில் நர்ஸ்களுக்கான பயிற்சி வகுப்புகளை ஒருங்கிணைப்பது பல வருடங்களாக என் வேலை. வெளியிலிருந்து வரும் நிபுணரை மைக் பிடித்து அறிமுகம் செய்வதும் அதில் ஒன்று. 'இதில் என்ன இருக்கிறது, நாலு நல்ல வார்த்தை சொன்னால் போதாதா' என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று முறை சொதப்பிய பிறகுதான், அந்த நாலு வார்த்தை எதுவாக இருக்க வேண்டும் என்பது பிடிபட்டது.

பட்டங்கள் செய்யும் மாயம்

முதலில் ஒரு வேடிக்கையான, ஆனால் உண்மையான கதை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தோற்றத்தில் பேராசிரியர் மாதிரியே இருக்கும் ஒரு நடிகரைப் பிடித்து, 'டாக்டர் மைரன் ஃபாக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். மனித நடத்தைக்குக் கணிதத்தைப் பயன்படுத்துவதில் கரைகண்டவர் என்று அவருக்கு ஓர் அட்டகாசமான பயோடேட்டாவும் தயார் செய்தார்கள். அவர் பேச வேண்டிய தலைப்பு, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு. நடிகருக்கு அந்தத் துறையில் ஒன்றுமே தெரியாது. முன்னுக்குப் பின் முரணாக, அர்த்தமே இல்லாமல், ஆனால் சிரிக்கச் சிரிக்கப் பேச வேண்டும் என்று மட்டும் பயிற்சி கொடுத்தார்கள்.

கேட்டவர்கள் பாமரர்கள் இல்லை. மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணி சார்ந்த கல்வியாளர்கள். நேரிலும் வீடியோவிலுமாக மூன்று குழுக்களில் 55 பேர். பேச்சு நன்றாக இருந்தது, சிந்திக்கத் தூண்டியது என்றே பெரும்பாலோர் மதிப்பெண் போட்டார்கள். வந்தவர் போலி என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. 1973-ல் இந்த ஆய்வு வெளியானது. 'டாக்டர் ஃபாக்ஸ் விளைவு' என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

நடிகரின் பேச்சுத் திறமைக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே அறிமுகம் பாதி வேலையை முடித்திருந்தது. பட்டங்களை அடுக்கினால் ஜனங்கள் மரியாதையாகக் கேட்பார்கள். கேட்டதில் தன் வேலைக்கு உதவுவது எது என்று யோசிப்பார்களா என்றால், அதற்குப் பட்டங்கள் உத்தரவாதம் தராது. எங்கள் குழந்தைகள் டாக்டர் உண்மையிலேயே பெரிய நிபுணர். ஆனால், என் பதினோரு நிமிடத்தைக் கேட்டவர்களுக்கு, 'இவர் பெரிய ஆள்' என்பதைத் தவிர வேறொன்றும் தெரிந்திருக்காது. இன்றைக்கு நம் கையில் எது மாறப்போகிறது என்பதை நான் சொல்லவே இல்லையே!

ஒன்றுமே சொல்லாததும் தப்புதான்

சூடு கண்ட பூனை மாதிரி, அடுத்த முறை நான் எதிர்ப்பக்கம் ஓடினேன். வந்தவர் வேறொரு மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ். கையில் குத்தும் கேனுலா வழியாக வரும் வீக்கத்தையும் தொற்றையும் எப்படித் தவிர்ப்பது என்பது தலைப்பு. 'நம்ம பக்கத்து ஊர் சிஸ்டர். கேனுலா பத்திச் சொல்வாங்க. வாங்க சிஸ்டர்' என்று பத்தே விநாடியில் மைக்கைக் கொடுத்துவிட்டேன். நேரம் மிச்சமானதில் எனக்குப் பெருமை வேறு.

அவர் பேச ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பின்வரிசையிலிருந்த இளம் டாக்டர்கள் போனை எடுத்துவிட்டார்கள். ஒருவர் எழுந்து, "இதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சதுதானே சிஸ்டர்?" என்று கேட்டார். அந்த அம்மா முகம் சிவந்து, அடுத்து வைத்திருந்த இரண்டு படங்களைத் தாண்டிப் போய்விட்டார். வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போதுதான் எனக்கே ஒன்று தெரிந்தது. அவர் தன் மருத்துவமனையில் போடப்படும் ஒவ்வொரு கேனுலாவையும் என்று போட்டது, என்று எடுத்தது, கை வீங்கியதா என்று வருடக்கணக்கில் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். அந்த அறையில் இருந்த யாரையும்விட அந்த விஷயத்தில் அதிகம் பார்த்தவர் அவர்தான். அதை நான் சொல்லியிருந்தால், அந்தக் கேள்வியே வந்திருக்காது. அல்லது, மரியாதையாக வேறு மாதிரி வந்திருக்கும்.

இது என் ஒருத்தியின் பிழை மட்டும் இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், டாக்டர்கள் கூடும் வகுப்புகளின் பதிவுகளை எடுத்து, பேச வந்தவரை எப்படி அறிமுகம் செய்தார்கள் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 2017-ல் வெளியான ஆய்வு அது. பெண்கள் அறிமுகம் செய்தபோது, வந்தவர் ஆணோ பெண்ணோ, 'டாக்டர்' என்று முறையாகச் சொன்னது 96 சதவிகிதம். ஆண்கள் அறிமுகம் செய்தபோது, பேச்சாளர் ஆண் என்றால் 72 சதவிகிதம் 'டாக்டர்' வந்திருக்கிறது. பேச்சாளர் பெண் என்றால் 49 சதவிகிதம்தான்! மற்ற நேரங்களில் வெறும் பெயர். யாரும் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள். ஆனால், கேட்பவர் காதில் அது விழத்தானே செய்யும்?

நம் ஊரில் இது வேறு உருவத்தில் வரும். ஆண் டாக்டர் என்றால் 'பேராசிரியர் டாக்டர்' என்று பெயரோடு முழங்குவோம். பெண் டாக்டர் என்றால் 'மேடம்' போதும். நர்ஸ் என்றால் அவர் முனைவர் பட்டமே வாங்கியிருந்தாலும் 'சிஸ்டர்'தான். அன்போடு சொல்வதுதான். ஆனால், மேடையில் அந்த அன்பு அவருடைய அதிகாரத்தைக் குறைத்துவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் வருபவரிடமே, 'உங்களை எப்படிச் சொல்லட்டும்?' என்று கேட்டுக்கொள்கிறேன். அதே வரிசையில் எல்லோருக்கும் சொல்கிறேன்: பட்டம், முழுப்பெயர், இப்போது இருக்கும் பொறுப்பு.

மூன்றாவது சறுக்கல்: வலிக்கிற இடத்தில் கை வைத்தது

'கேட்பவருக்கு ஏன் தேவை என்று சொல்ல வேண்டும்' என்பது புரிந்ததும், அதையும் அரைகுறையாகத்தான் செய்தேன். பிரசவத்துக்குப் பின் வரும் அதிக ரத்தப்போக்கு பற்றிய ஒரு வகுப்பு. 'போன மாதம் நம் வார்டில் ஓர் அம்மாவுக்கு நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். கொஞ்சம் முன்னாடியே கவனித்திருந்தால் ஐ.சி.யூ வரை போயிருக்காது. அதனால்தான் இன்றைக்கு இந்த வகுப்பு' என்று அறிமுகத்தைத் தொடங்கினேன். அறை அப்படியே நிசப்தம் ஆனது. என் பேச்சு எடுபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எழுந்து வெளியே போனார். அந்த இரவு டியூட்டியில் இருந்தது அவர்தான். அன்றைக்கு ஐந்து பிரசவங்களுக்கு இரண்டே பேராக நின்று, கடைசியில் அந்த அம்மாவைக் காப்பாற்றியதும் அவர்தான். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நான் பெயர் சொல்லவில்லை என்பதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அதற்கு நான் கொடுத்த விலை பெரிது. அதுவரை, 'அக்கா, நேத்து ராத்திரி ஒரு கேஸ்ல மருந்து லேட் ஆகிடுச்சு. எல்லாருக்கும் ஒரு தடவ சொல்லிக்குடுங்க' என்று என்னிடம் வந்து சொல்லிக்கொண்டிருந்தவர்கள், மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லை. மயிரிழையில் தப்பிய சம்பவங்களைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்த வகுப்பை எதற்கு வைப்பது என்றே முடிவு செய்ய முடியும். அந்தக் கதவை நானே சாத்திவிட்டேன். நோயாளியின் கதையாக இருந்தாலும், சக ஊழியரின் கதையாக இருந்தாலும், அடையாளம் தெரிகிற எதையும் அறிமுகத்தில் எடுக்கக் கூடாது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். பொருத்தம் காட்டுவது வேறு, குற்றம் காட்டுவது வேறு.

நான்கு பக்கத்தில் ஒளிந்திருந்த ஒரு வரி

அதே தலைப்பில் மறுபடி ஒரு வகுப்பு வைக்க வேண்டியிருந்தது. இந்த முறை வர ஒப்புக்கொண்டவர் மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு பேராசிரியர். அவர் பயோடேட்டாவும் நான்கு பக்கம். ஆனால், இம்முறை அதை வேறு மாதிரி படித்தேன். ஒவ்வொரு வரியிலும் பென்சிலை வைத்து, ஒரே ஒரு கேள்வி: 'நம் வழக்கத்தை மாற்றுங்கள் என்று இவர் சொல்லும்போது, எங்கள் வார்டு நர்ஸ் இவரை நம்புவதற்கு இந்த வரி உதவுமா?'

தங்கப் பதக்கம்? உதவாது. வெளிநாட்டுக் கருத்தரங்குகள்? உதவாது. இருபத்திரண்டு வருட மகப்பேறு அனுபவம்? உதவும். பேராசிரியர் பொறுப்பு? டாக்டர்களும் உட்கார்ந்திருப்பதால், அதுவும் வேண்டும். மூன்றாம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஆரம்ப காலத்தில் ஆறு வருடம் ஒரு தாலுகா மருத்துவமனையில் பணி. தங்கச் சுரங்கமே அதுதான்!

உடனே போன் போட்டேன். மூன்று கேள்விகள் கேட்டேன். 'அந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில ராத்திரி எத்தனை பேர் இருப்பீங்க மேடம்? எங்க ஸ்டாஃப் இந்த ஒரு மணி நேரத்துல கத்துக்க வேண்டிய ஒரே விஷயம்னா எது? உங்களப் பத்தி நான் எதைச் சொன்னா உங்களுக்குச் சங்கடம்?' அவர் சிரித்துவிட்டு, "நானும் ஒரு நர்ஸும்தான்மா இருப்போம். ஒரு தடவ கண்ணால பார்த்து, ரத்தம் கம்மிதான்னு நெனச்சு நானே ஏமாந்திருக்கேன். அதுக்கப்புறம்தான் அளக்காம நம்பறதே இல்ல. அதச் சொல்லுங்க, பரவால்ல. பதக்கத்தையெல்லாம் விட்டுடுங்க" என்றார். அவர் அனுமதி கொடுத்ததால் மட்டுமே அதைச் சொன்னேன். ஒருவருடைய சறுக்கலைச் சொல்லும் உரிமை அவருக்குத்தான் உண்டு.

அடுத்து, எங்கள் பக்கத்துத் தேவையைக் காட்ட வேண்டும். யாரையும் குத்தாமல் எப்படிக் காட்டுவது? வகுப்புக்கு ஒரு வாரம் முன்பு, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை 800 மில்லி அளந்து, பிரசவ மேஜை விரிப்பிலும் பஞ்சுத் துணிகளிலும் ஊற்றி வைத்தேன். டியூட்டிக்கு வந்தவர்களில் பன்னிரண்டு பேரை அழைத்து, 'எவ்வளவு இருக்கும்? சீட்டில் எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம்' என்றேன். ஒருவர்கூட 800-ஐத் தொடவில்லை.  இப்போது குறை ஒரு ஆளின் மேல் இல்லை. நம் எல்லோருடைய கண்ணின் மேல்.

இது எங்கள் வார்டுக்கு மட்டுமான கதையும் இல்லை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளை எடுத்து, 'இ-மோட்டிவ்' என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2023-ல் முடிவுகள் வெளியாயின. தாயின் இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பையை விரித்து ரத்தத்தை அளந்த இடங்களில், அதிக ரத்தப்போக்கு 93 சதவிகிதம் கண்டுபிடிக்கப்பட்டது. வழக்கம்போல் கண்ணால் பார்த்த இடங்களில் பாதிதான். கண்டுபிடித்தவுடன் கருப்பையைத் தேய்த்துவிடுவது, சுருங்க வைக்கும் மருந்து, டிரானெக்ஸாமிக் ஆசிட், நரம்பு வழியே திரவம், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று பரிசோதிப்பது என எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல், ஒரே கட்டாகச் செய்தார்கள். கடுமையான விளைவுகள் 60 சதவிகிதம் குறைந்தன.

இந்த எண்களையெல்லாம் நான் அறிமுகத்தில் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அது பேச்சாளரின் சொத்து. அவர் அவிழ்க்க வேண்டிய முடிச்சை நான் அவிழ்த்துவிட்டால், அவர் மேடையில் நின்று என்ன செய்வார்?

நான் பேசியது இதுதான்

என் வேகத்தில் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே வரும். பேப்பரில் எழுதி, வீட்டில் நான்கு முறை சத்தமாக வாசித்து, போனில் நேரம் பார்த்துக்கொண்டேன். பேராசிரியரின் பெயரை மட்டும் இங்கே தவிர்க்கிறேன்.

'எல்லோருக்கும் வணக்கம். ஒவ்வொரு பிரசவம் முடிந்ததும் நாம் கேஸ் ஷீட்டில் ஒரு எண் எழுதுகிறோம். ரத்தம் இத்தனை மில்லி போனது என்று. அந்த எண் எங்கிருந்து வருகிறது? நம் கண்ணிலிருந்து. போன வாரம் நான் வைத்த சிவப்புத் தண்ணீர் ஞாபகம் இருக்கிறதா? அது 800 மில்லி. நம்மில் பன்னிரண்டு பேர் எழுதிப் போட்டார்கள். அதிகபட்சம் எழுதியவர் 600.  தப்பு யார்மேலும் இல்லை. துணியில் ஊறிய ரத்தத்தைக் கண்ணால் அளக்க முடியாது.

'இன்றைக்கு வகுப்பு முடியும்போது நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு விஷயம் கைக்கு வந்திருக்கும். ஒன்று, அளவுப் பையைச் சரியாக விரிப்பது. இரண்டு, 500 மில்லி கோட்டைத் தொட்டதும் என்னென்ன செய்வது, யார் எதைச் செய்வது.

'இதைச் சொல்லித்தர வந்திருப்பவர் இருபத்திரண்டு வருடமாக மகப்பேறு மருத்துவர், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். அதில் ஆறு வருடம், இரவில் ஒரே ஒரு நர்ஸோடு தாலுகா மருத்துவமனையில் பிரசவம் பார்த்தவர். கண்ணை நம்பி ஒருமுறை தானே ஏமாந்ததாகவும், அதற்குப் பிறகு அளக்காமல் நம்புவதே இல்லை என்றும் என்னிடம் சொன்னார். நம் வார்டின் ராத்திரி எப்படி இருக்கும் என்று இவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பேராசிரியர், டாக்டர்...'

கடைசி வார்த்தை அவருடைய முழுப்பெயர். அதைச் சொல்லும்போது நான் கூட்டத்தைப் பார்த்தேன், அவரைப் பார்க்கவில்லை. பெயர் முடிந்ததும் கைதட்டல், மைக் அவர் கையில், நான் நகர்ந்துவிட்டேன். அவ்வளவுதான்.

கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்தால் இதில் ஒரு வரிசை தெரியும். முதலில் விஷயம், பிறகு அது இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஏன் வேண்டும் என்பது, கடைசியில்தான் ஆள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பேச்சுக் கலை பற்றி எழுதிய டேல் கார்னகி ரொம்ப காலத்துக்கு முன்பே இந்த வரிசையைச் சொல்லிவிட்டார். நாம்தான் ஆளில் ஆரம்பித்து, ஆளிலேயே முடித்துவிடுகிறோம். தேவை என்ன என்று தெரிந்த பிறகு ஆளைச் சொன்னால், பட்டமும் அனுபவமும் வெறும் பெருமையாகக் கேட்காது. 'ஓ, அதனால்தான் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்' என்று கேட்கும்.

மரியாதை குறையாமல் நேரத்தைக் குறைப்பது

'இப்படிச் சுருக்கினால் விருந்தினர் வருத்தப்பட மாட்டாரா? டீன் என்ன சொல்வார்?' இதுதான் எல்லோரும் கேட்பது. நியாயமான கேள்வி. நம் ஊரில் மேடை மரியாதை சின்ன விஷயம் இல்லை. எங்கள் நர்ஸிங் சூப்பிரண்டெண்ட் மேடமே முதலில், "என்னம்மா இது, நாலு பக்கம் குடுத்தவங்கள நாலு வரியில முடிச்சிட்டா நல்லாவா இருக்கு?" என்றுதான் கேட்டார்.

அதற்கு வழி, மரியாதையை வேறு இடத்துக்கு நகர்த்துவதுதான். முழு பயோடேட்டாவை இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறோம். அச்சடித்து வகுப்பறை வாசலிலும் ஒட்டுகிறோம். படிக்க விரும்புபவர் நிதானமாகப் படிக்கலாம். பொன்னாடையும் நினைவுப் பரிசும் வகுப்பின் கடைசிக்குப் போய்விட்டன. டீன் பேச வேண்டும் என்றால், அதை வரவேற்புரையாகத் தனியே வைத்துக்கொள்கிறோம். அறிமுகத்தோடு கலப்பதில்லை. இல்லாவிட்டால் அதே பட்டங்களை இரண்டு பேர் இரண்டு முறை வாசிப்பார்கள். சுருக்கமான அறிமுகத்தை முன்கூட்டியே விருந்தினருக்கு அனுப்பி, 'இது சரியா?' என்று கேட்டுவிடுகிறேன். இதுவரை ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. 'முந்தின பொறுப்பைப் போட்டிருக்கீங்க, இப்ப மாறிடுச்சு' என்று திருத்தியவர்கள்தான் உண்டு. மேடையில் தப்பாகச் சொல்லி அவர் நெளிவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னும் இரண்டு விஷயங்களில் கவனமாக இருக்கிறேன். 'சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்', 'இன்றைக்குப் பிறகு உங்கள் வாழ்க்கையே மாறிவிடும்' என்றெல்லாம் உத்தரவாதம் கொடுப்பதில்லை. அப்படிச் சொன்னால், கேட்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு 'எங்கே, பார்க்கலாம்' என்று உட்கார்ந்துவிடுவார்கள். இன்னொன்று, பேச்சாளருக்கு ஒரு மருந்து அல்லது கருவி கம்பெனியோடு தொடர்பு இருந்து, அந்தப் பொருளைப் பற்றியே பேச வந்திருந்தால், அதையும் அறிமுகத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிட வேண்டும். பட்டத்தைச் சொல்லிவிட்டு இதை மறைத்தால் அது பாதி உண்மைதான்.

எடுபட்டதா என்று எப்படித் தெரியும்?

கைதட்டலை வைத்துக் கணக்கிட முடியாது. டாக்டர் ஃபாக்ஸுக்கும் கைதட்டியிருப்பார்கள்! வகுப்பு முடிந்ததும் வரும் முதல் கேள்வியைத்தான் நான் காது கொடுத்துக் கேட்பேன். 'மேடம், உங்க ஆராய்ச்சி பத்திச் சொல்லுங்க' என்று வந்தால், நான் ஆளை மட்டும் அறிமுகம் செய்திருக்கிறேன் என்று அர்த்தம். கேள்வியே வராவிட்டால், பேச்சாளரை ரொம்ப உயரத்தில் தூக்கி வைத்துவிட்டேன் என்று அர்த்தம்.

அன்றைக்கு முதல் கேள்வி, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. "மேடம், ராத்திரி பை தீர்ந்துபோச்சுன்னா எதுல அளக்கிறது?"

பேராசிரியர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "நான் தாலுகா ஆஸ்பத்திரியில இருந்தப்ப பையே கிடையாதும்மா" என்று ஆரம்பித்தார். காய்ந்த துணியின் எடையை முதலிலேயே குறித்துக்கொண்டு, நனைந்த துணியை எடைபோட்டுக் கழித்தால், கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி ரத்தம். குழந்தையை எடைபோடும் தராசு எல்லாப் பிரசவ வார்டிலும் இருக்கும். சுத்தமான பிளாஸ்டிக் உறை போட்டு அதையே பயன்படுத்தலாம் என்றார். அந்தப் பெண் அதைத் தன் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டாள்.

முன்பு எழுந்து வெளியே போன அந்த ஸ்டாஃப் நர்ஸும் அன்றைக்கு வந்திருந்தார். இரண்டாவது வரிசை. வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாக மேஜைக்குப் போய், பையை எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மணியைப் பார்த்தேன். மூன்று அடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. மற்றவர்களும் வரிசையில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள்.